என்னவாம்?

1989 டிசம்பர். வடநோர்வேயின் வார்டோத் தீவில் அந்த மாதம் முழுக்கச் சூரியன் எழுவதில்லை. பகல் ஒரு மணிக்கும் சுகாதார நிலையத்தில் எல்லா விளக்குகளும் எரிந்தன. அப்பா மீன் பக்டரியில் அரைநாள் லீவு கேட்டு வந்திருந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு விளையாடியே மொழியைப் பிடித்துவிட்ட வாணி, பதினொரு வயதுக்காரி, டொக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்தாள்.

டொக்டர் தம்பியின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். இடம் மாற்றி வைத்து மறுபடி கேட்டார். அவர் நிமிர்வதற்குள் அம்மா, "என்னவாம்?" என்றாள்.

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை அம்மா."

பால் குடிக்கும்போது வியர்க்கிறதா, பாதியில் களைத்துவிடுகிறானா, உதடு நீலமாகிறதா? வியர்க்கிறது, களைக்கிறான், நீலமாவதில்லை. இதெல்லாம் சுலபமாக இருந்தது. அப்புறம் டொக்டர் பேனாவை வைத்துவிட்டு, இதயத்தில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கலாம் என்றார்.

அப்பாவும் அம்மாவும் அவரைப் பார்க்கவில்லை, வாணியின் முகத்தையே பார்த்தார்கள். முகம் கொஞ்சம் கோணினாலும் போதும், அம்மா அழத் தொடங்கிவிடுவாள்.

"சின்ன ஓட்டை ஒண்டு இருக்கலாமாம். கனபேருக்கு அது தானா மூடிடுமாம். ட்ரொம்சோ பெரியாஸ்பத்திரியில ஸ்கான் செய்து பாக்கோணுமாம்."

"பிழைப்பானோ எண்டு கேள்."

"அதைக் கேக்காதை," என்று அப்பா அதட்டினார்.

யாருடைய சொல்லை மீறுவது? வாணி கேட்டாள். இப்போது பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஸ்கானைத் தள்ளிப்போடக் கூடாது என்றார் டொக்டர். அதோடு இன்னொன்றும் கேட்டார்: அம்மாவுக்கு இதற்கு முன் குழந்தை ஏதும் தவறியதா?

இல்லை என்று அவளே சொல்லியிருப்பாள். வீட்டில் மூத்தது அவள்தானே. ஆனாலும் முறைக்கு அம்மாவிடம் கேட்டாள். அம்மா தம்பியின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாதான் சுவரைப் பார்த்தபடி, "ஒண்டு. நீ பிறக்க முதல்," என்றார்.

டொக்டர் காத்திருந்தார்.

ஒன்று என்று வாணி சொன்னாள். எத்தனையாவது மாதம் என்றார் அவர். அதையும் அம்மாவிடம் கேட்டு, ஏழு என்று சொன்னாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். நடுங்கினால் தம்பிக்குத்தான் ஏதோ என்று அம்மா நினைத்துவிடுவாள்.

வெளியே பனிக்காற்றில் நின்று அப்பா ஸ்கான் தேதியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "ட்ரொம்சோவுக்கும் நீதான் வரோணும் பிள்ளை. ரீச்சரிட்டை நீயே சொல்லிப்போடு."

"சரி அப்பா."

அவர் முன்னே நடக்க விட்டு, வாணி அம்மாவின் பக்கம் வந்தாள்.

"அம்மா, அது அண்ணாவோ அக்காவோ?"

"அக்கா," என்றாள் அம்மா. "உன்னை மாதிரித்தான். தலை நிறைய முடி."