சரக்குக் கடன் வரம்பை உயர்த்தித் தரக் கோரி

சௌத்தான்,
8 மே 2025

யாங்கோன் பயின்னாங் சந்தை மொத்த வியாபாரி
மதிப்பிற்குரிய வேலாயுதம் அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்க அங்காள ஈஸ்வரியை வேண்டிக்கொள்கிறேன்.

எங்கள் கடைக்கு நீங்கள் தரும் கடன் வரம்பை உயர்த்தித் தரும்படி கேட்கத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதிதான் சொல்ல முடியும். கணக்கோடு எழுத்தில் இருந்தால் நீங்களும் தம்பியும் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்ய வசதியாக இருக்கும்.

இப்போது எங்களுக்கு இருப்பது 50 லட்சம் கியாட், 15 நாள் தவணை. 2020இல் நீங்கள் போட்டுத் தந்த வரம்பு. அப்போது ஒரு மாதச் சரக்கு முழுவதும் அதற்குள் அடங்கி, மிச்சமும் இருக்கும். இன்று அதே அரிசி, அதே பருப்பு, அதே எண்ணெய் எடுத்தால் பில் 120 லட்சத்துக்கு வருகிறது. கடை பெரிதாகவில்லை, விலைதான் ஏறியிருக்கிறது. இது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.

இதனால் மாதச் சரக்கை ஒரே லோடாக எடுக்க முடியவில்லை. கையில் சேர்ந்த பணத்துக்கு ஏற்ப மூன்று தடவையாக ஏற்றுகிறோம். தன்லின் பாலம் தாண்டி வர லாரி வாடகை மூன்று தடவை. முதல் லோடில் வாங்கிய விலை மூன்றாவது லோடில் இருப்பதில்லை. நடுவில் பருப்போ சர்க்கரையோ தீர்ந்துவிட்டால் வாடிக்கையாளர் பஜாரில் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். சர்க்கரைக்குப் போனவர் மற்றதையும் அங்கேயே வாங்கிக்கொள்கிறார். சென்ற மழைக்காலத்தில் ஒரு லோடுக்காக வீட்டு நகையை நூற்றுக்கு நாலு வட்டிக்கு வைத்தோம். மளிகைக் கடை லாபத்தில் நாலு வட்டி கட்டினால் அப்புறம் கடையில் நிற்பதற்கு அர்த்தமே இல்லை.

நான் கேட்பது இதுதான். வரம்பை 90 லட்சமாக்கி, தவணையை 30 நாளாக்கித் தாருங்கள். மாதச் சரக்கு 120 லட்சத்தில் எண்ணெய்க்கு உண்டான 30 லட்சத்தை லாரியில் ஏற்றும்போதே ரொக்கமாகத் தந்துவிடுகிறேன். எண்ணெய் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, அதில் உங்களைக் கடன் தரச் சொல்வது நியாயமில்லை. அரிசி, பருப்பு வகைகள், வெங்காயம், பூண்டு, சர்க்கரை, சோப்பு, பால் மாவு இவற்றுக்கு வரும் 90 லட்சத்தை மட்டும் கடனாக எழுதுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகத் தருகிறேன் என்று சொல்லவில்லை. சரக்கு ஏறிய நாளிலிருந்து 10ஆம் நாள் 30 லட்சம், 20ஆம் நாள் 30 லட்சம், 30ஆம் நாள் மீதி 30 லட்சம். கேபிஇசட் பேயில் அனுப்பி, ரசீதை அன்றே தம்பிக்கு வைபரில் போட்டுவிடுகிறேன். எங்கள் சராசரி வியாபாரம் நாள் ஒன்றுக்கு நாலரை லட்சம். நோட்டுக் கணக்கில் போவதைக் கழித்தாலும் பத்து நாளில் 30 லட்சம் சேர்ந்துவிடும்.

இதோடு மழைக்காலத்துக்கு ஒரு சிறப்பு ஏற்பாடும் வேண்டும். எங்களிடம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்து விவசாயக் குடும்பங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போதே கையிருப்பு போய்விடும். அதே நேரத்தில் நடவுச் செலவும் வந்துவிடும். நெல் அறுத்து, விற்று, நவம்பர், டிசம்பரில்தான் பணம் பார்ப்பார்கள். நெல்லுக்குப் பிறகு விதைக்கும் பாசிப்பயறு பிப்ரவரி, மார்ச்சில் வரும். இந்த இடைவெளியில் அவர்களுக்கு அரிசி தராமல் இருக்க முடியாது அண்ணா. பத்துப் பதினைந்து வருடமாக வருகிற குடும்பங்கள். சென்ற ஆண்டு அக்டோபர் முடிவில் எங்கள் நோட்டில் 38 லட்சம் வெளியே நின்றது. பொங்கலுக்குள் 35 லட்சம் வந்தது. மீதி 3 லட்சம் பயறு விற்ற பிறகு வந்து முடிந்தது. ஒருவரும் ஏமாற்றவில்லை, தாமதம்தான்.

அதனால் வருகிற ஜூன் சரக்கில் மட்டும் அந்த எண்ணெய்ப் பணம் 30 லட்சத்தைத் தனிக் கணக்காக நிறுத்தி வையுங்கள். ஜூலையிலிருந்து எண்ணெய்க்கு வழக்கம்போல் ரொக்கம் தருவேன். நிறுத்தி வைத்த 30 லட்சத்தில் பாதியை டிசம்பர் 31க்குள்ளும், மறுபாதியை ஜனவரி 31க்குள்ளும் அடைப்பேன். நீண்ட காலம் உங்கள் பணம் முடங்குவதால் அதற்கு மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி தரத் தயார். நகை வட்டியோடு பார்த்தால் எனக்கு அது பெரிய உதவி.

இறக்குமதிக்காரர்களும் மில்காரர்களும் உங்களிடம் ரொக்கம்தான் கேட்கிறார்கள் என்று தெரியும். உங்களுக்கும் இது லேசான முடிவு இல்லை. எனவே உங்கள் பாதுகாப்புக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். ஏதாவது ஒரு தவணை ஐந்து நாளுக்கு மேல் தள்ளிப்போனால், அது தீரும் வரை அடுத்த லோடு தர வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன். தன்லினில் இருக்கும் என் மைத்துனர் ஜாமீன் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார். உங்களுக்கும் அவர் பழக்கமானவர்தான்.

எங்கள் கொடுக்கல் வாங்கல் உங்கள் பேரேட்டிலேயே இருக்கிறது. 2021இல் வங்கியில் பணம் எடுக்க டோக்கன் வாங்கிக் காத்திருந்த மாதங்களில்கூட, கல்லாவில் சேர்ந்த சில்லறை நோட்டுகளைக் கட்டுக் கட்டாக உங்கள் கடைக்கே கொண்டுவந்து தவணையைக் கட்டினோம். அதற்கும் முன்னால், 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, எங்கள் அப்பாவிடம் இருந்த பணத்தில் பெரும்பகுதி ஒரே நாளில் போனது. அறுவடை வரை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சரக்கு தந்தவர் உங்கள் அப்பா. அப்பா இருந்தவரை அதை எங்களிடம் சொல்லாத தீபாவளி இல்லை. அதைக் காட்டி உங்களிடம் சலுகை கேட்கவில்லை. அந்தக் கடனை அப்பா எப்படி அடைத்தாரோ, அப்படியே நானும் அடைப்பேன் என்று சொல்லத்தான் எழுதினேன்.

கடந்த 12 மாத விற்பனைக் கணக்கையும், சென்ற மழைக்கால நோட்டுக் கணக்கின் நகலையும், ஜூன் மாதச் சரக்குப் பட்டியலையும் இதோடு வைத்திருக்கிறேன். 90 லட்சம் அதிகம் என்று தோன்றினால், முதல் மூன்று மாதம் 75 லட்சமாக வைத்து, தவணை ஒழுங்காக வருகிறதா என்று பார்த்து உயர்த்துங்கள். 30 நாள் தவணை மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம்.

ஜூன் முதல் வாரம் சரக்கு ஏற்ற வேண்டும், மழை பிடித்துவிட்டால் மூட்டை நனையாமல் கொண்டுவருவது கஷ்டம். ஆகவே 24ஆம் தேதிக்குள் உங்கள் முடிவு தெரிந்தால் நல்லது. 17ஆம் தேதி சனிக்கிழமை மைத்துனரையும் அழைத்துக்கொண்டு நேரில் வருகிறேன். அன்று நீங்கள் கடையில் இருப்பீர்களா என்று மட்டும் தம்பியை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
மு. செல்வராஜ்
மளிகைக் கடை, பஜார் தெரு, சௌத்தான்