முன்னே, பின்னே, ஏன்? – பத்தாம் வகுப்பு வரலாற்றுச் சீட்டாட்டம்

நாலு பேர் சேர்ந்து ஆடுவது. சீட்டை நீங்களே செய்துகொள்ளுங்கள். நம் கோத்தகிரி ஈரத்தில் சார்ட் தாள் தொய்ந்துபோகும், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைதான் தாங்கும். ஒரே அளவாக வெட்டி, முன்பக்கம் நிகழ்வு, பின்பக்கம் ஆண்டு எழுதுங்கள்.

ஆளுக்கு மூன்று சீட்டு. நிகழ்வு மட்டும் தெரியும்படி முன்னால் வையுங்கள், பின்பக்கத்தைப் பார்க்கக் கூடாது. மீதிக் கட்டிலிருந்து ஒரு சீட்டை ஆண்டு தெரியும்படி நடுவில் போடுங்கள். உங்கள் முறை வரும்போது உங்கள் சீட்டு அதற்கு முன்னே வருமா, பின்னே வருமா என்று பார்த்து வரிசையில் வைத்துத் திருப்புங்கள். சரியென்றால் அங்கேயே இருக்கும். தப்பென்றால் அது கட்டுக்கு அடியில் போகும், புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். கையில் சீட்டு தீர்ந்ததும் ஆட்டம் முடியும்.

சரியாக வைத்தால் 1 புள்ளி. பக்கத்துச் சீட்டோடு அதற்கு என்ன தொடர்பு என்று ஒரு வாக்கியத்தில் சொன்னால் இன்னும் 2. அதிகப் புள்ளி எடுத்தவர்தான் ஜெயித்தவர். முதலில் முடித்தவர் அல்ல. ஏனென்றால், ஆண்டு மறந்தாலும் காரணம் தெரிந்தவருக்கு வரிசை தானாக வந்துவிடும். "ரௌலட் சட்டத்தை எதிர்த்த தலைவர்களைக் கைது செய்தார்கள், அதைக் கண்டித்துத்தான் ஜாலியன் வாலாபாக்கில் கூட்டம்" என்று சொல்லத் தெரிந்தவர் அந்த இரண்டையும் மாற்றி வைக்கவே மாட்டார். "அதுக்கப்புறம் இது நடந்தது" என்பது தொடர்பு ஆகாது, புள்ளி கிடையாது. சண்டை வந்தால் பாடப்புத்தகம்தான் நடுவர்.

எழுத வேண்டிய சீட்டுகள்:

வேலூர்ப் புரட்சி – 1806 ஜூலை
இந்திய தேசிய காங்கிரஸ் தொடக்கம் – 1885
வங்கப் பிரிவினை – 1905
சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் – 1906
வ.உ.சி.க்குச் சிறைத் தண்டனை – 1908
வங்கப் பிரிவினை ரத்து – 1911
ரௌலட் சட்டம் – 1919 மார்ச்
ஜாலியன் வாலாபாக் படுகொலை – 1919 ஏப்ரல் 13
ஒத்துழையாமை இயக்கம் – 1920
சௌரி சௌரா – 1922
சுயமரியாதை இயக்கம் – 1925
தண்டி யாத்திரை தொடக்கம் – 1930 மார்ச் 12
வேதாரண்யம் யாத்திரை தொடக்கம் – 1930 ஏப்ரல் 13
பூனா ஒப்பந்தம் – 1932
வெள்ளையனே வெளியேறு – 1942 ஆகஸ்ட்

ஏப்ரல் 13 இரண்டு சீட்டில் வருவதைக் கவனியுங்கள். ஒரு மதிப்பெண் கேள்வியில் பலர் தடுமாறும் இடம் அது.

இவற்றோடு நம் ஊர்ச் சீட்டு மூன்று சேர்க்கிறோம்: சல்லிவன் கோத்தகிரி வந்தது (1819), மலை ரயில் குன்னூர் வந்தது (1899), ஊட்டி வந்தது (1908). இவை தேர்வுக்கு இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு. ரயில் ஊட்டியைத் தொட்ட வருடத்தில்தான் வ.உ.சி. கோவைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1908-ஐ இனி யாரும் மறக்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் முதல் ஆட்டம். ஒவ்வொரு குழுவும் 18 சீட்டையும் எழுதி எடுத்து வாருங்கள். கத்தரிக்கோல் இல்லாதவர்கள் வியாழக்கிழமை மதியம் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.