முதல் பேட்டரி ஸ்பிரேயர்: பெட்டியில் இருக்கும் எண்கள் உங்கள் வயலில் என்ன செய்யும்?

பெட்டியில் அச்சடித்திருப்பது: டேங்க் 16 லிட்டர். பேட்டரி 12 வோல்ட், 8 ஏஎச். அழுத்தம் 2 முதல் 4.5 பார். வெற்று எடை 6 கிலோ. சார்ஜர் 1.7 ஆம்ப். நாசில் மூன்று. விலை 3,600 ரூபாய்; மோட்டாருக்கு ஒரு வருடம், பேட்டரிக்கு ஆறு மாதம் வாரண்டி.

16 லிட்டர் டேங்க்: நெல்லுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் மருந்துக் கலவை என்று கணக்கு வைத்தால், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கான ஒரு மாவுக்குச் சுமார் நாலு டேங்க். எத்தனை டேங்க் என்று முதலிலேயே தெரிந்தால் மருந்தையும் அளந்து பிரித்துக் கொள்ளலாம், கடைசி டேங்கில் மருந்து தீர்ந்து போகாது. ஆனால் நிரம்பிய டேங்கும் மெஷினும் சேர்ந்து 22 கிலோ. சேற்றில் அதைச் சுமந்து நடக்க முடியாதவர் 12 லிட்டர் வரை மட்டும் ஊற்றுங்கள். மருந்தையும் அந்த அளவுக்குக் குறையுங்கள்.

12 வோல்ட், 8 ஏஎச் பேட்டரி: கையால் பம்ப் அடிக்க வேண்டாம், ஒரு கை சும்மா இருக்கும். சாதாரண நாசிலில் நிமிடத்துக்கு சுமார் 800 மில்லி போகும், அதாவது டேங்குக்கு 20 நிமிடம். புது பேட்டரி மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். ஆக, ஒரு சார்ஜில் 10 டேங்க், இரண்டரை மா. ஒரு ஏக்கரை ஒரே மூச்சில் முடித்து விடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டரை மாவுக்கு மேல் இருப்பவர் கூடுதல் பேட்டரி ஒன்று வாங்குவது நல்லது, அல்லது காலையில் பாதி, மறுநாள் பாதி.

இந்த 1.7 ஆம்ப் சார்ஜர் முழுதாக ஏற்ற ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எடுக்கும். ராத்திரி போட்டால் விடியற்காலை தயார். பேட்டரி கெடுவது பெரும்பாலும் ஓட்டத்தால் அல்ல, சும்மா கிடப்பதால்தான். இது ஈய பேட்டரி. சார்ஜ் தீர்ந்த நிலையில் குறுவைக்கும் சம்பாவுக்கும் இடையில் மூலையில் போட்டு வைத்தால் உள்ளே தகடு உப்புப் படிந்து திரும்ப ஏறாது. வேலை முடிந்த அன்றே சார்ஜ் போடுங்கள். மெஷினை எடுக்காத மாதங்களிலும் மாதம் ஒரு முறை போடுங்கள்.

2 முதல் 4.5 பார் அழுத்தம்: கை ஸ்பிரேயரில் கை சோர்ந்ததும் அழுத்தம் இறங்கும், துளி பெரிதாகி இலையிலிருந்து வழிந்து போகும். இதில் முதல் டேங்கும் கடைசி டேங்கும் பெரும்பாலும் ஒரே மாதிரி விழும். ட்ரிக்கரை விட்டால் மோட்டாரும் தானே நிற்கும். டேங்க் காலியான பிறகும் ஓட விட்டால் பம்ப் கெடும். சத்தம் மாறியதும் நிறுத்துங்கள்.

நாசில் மூன்று: பூச்சி மருந்துக்கு வட்டமாகப் புகை போல விழும் கூம்பு நாசில். களைக்கொல்லிக்குப் பட்டையாக விசிறி போல் விழும் நாசில். களைக்கொல்லியைக் கூம்பு நாசிலில் அடித்தால் மெல்லிய துளி காற்றில் பக்கத்து வயலுக்குப் போகும். மூன்றாவது இரட்டை நாசில், அது பேட்டரியை வேகமாகத் தின்னும். புகையான் தூரின் அடியில் இருக்கும். மேலே அடித்தால் அதன் மேல் படாது. லான்ஸை இறக்கி அடிப்பாகம் நனைய அடியுங்கள்.

2,4-டி போன்ற களைக்கொல்லி அடித்த மெஷினை அலசாமல் சம்பா அறுத்த தாளடியில் உளுந்துக்கோ பயறுக்கோ எடுக்கவே கூடாது. மிச்சம் கொஞ்சம் இருந்தாலும் பயிர் சுருண்டு போகும். முடிந்தால் களைக்கொல்லிக்குப் பழைய கை ஸ்பிரேயரைத் தனியாக வைத்துக் கொள்ளுங்கள்.

வடிகட்டி: மூடிக்குக் கீழே ஒன்று, கைப்பிடிக்குள் ஒன்று. வாய்க்கால் தண்ணீரில் வண்டலும் பாசியும் வரும், அதுதான் நாசில் அடைப்புக்குக் காரணம். பழைய வேட்டித் துணியில் வடித்து ஊற்றுங்கள். அடைத்தால் வாயால் ஊதாமல், மென்மையான பிரஷால் துடையுங்கள். கம்பி குத்தினால் துவாரம் பெரிதாகி மருந்து வீணாகும்.

தென்னைக்கு இது வேண்டாம். கொண்டைக்கு எட்டாது, அதற்குப் பவர் ஸ்பிரேயர்.

வாங்கும்போது பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, ட்ரிக்கரை மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். லான்ஸ் பொருத்திலும் டேங்க் அடியிலும் கசிவு இருக்கக் கூடாது. பேட்டரியின் தேதி ஸ்டிக்கரைப் பாருங்கள், ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வேறு கேளுங்கள். வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் வாங்கிக் கொண்டே கிளம்புங்கள்.