கேட்குது, ஆனா புரியல!

ரீல் ஸ்கிரிப்ட், வெர்ட்டிகல் வீடியோ. பேசுபவர்கள்: ஆதி (காலேஜ் ஸ்டூடன்ட்), யாழினி (ஆதியின் அக்கா, ஆடியாலஜிஸ்ட்).

எடிட்டருக்கு ஒரு ரெக்வெஸ்ட்: ஓப்பனிங்கில் பீட் டிராப், பஸ்ஸர் எதுவும் வேண்டாம். பார்ப்பவர்களில் பாதிப் பேர் இயர்பட்ஸ் போட்டுத்தான் இருப்பார்கள். அவர்கள் காதில் நாமே அடிக்கக் கூடாது.

ஷாட்: ஆதி இயர்பட்ஸோடு லேப்டாப் முன்னால். அக்கா வாசலில் நின்று பேசுகிறாள். அவள் குரலில் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதெல்லாம் கட்.

யாழினி: (மங்கலான குரலில்) சாவி ஷெல்ஃப்ல இருக்கு, சீக்கிரம் ஸ்கூட்டிய எடுத்துட்டு வா!

ஆதி: (கேமராவைப் பார்த்து) இப்ப அக்கா என்ன சொன்னாங்க? ரீப்ளே பண்ணாம கமென்ட்ல போடுங்க.

ஸ்க்ரீன் டெக்ஸ்ட்: சவுண்ட் வந்தது. வார்த்தை வந்ததா?

ஆதி: வால்யூம் குறையல. ஹை ஃப்ரீக்வென்ஸியை மட்டும்தான் எடிட்ல எடுத்தோம். லவுட் மியூசிக்கால காது டேமேஜ் ஆனா, முதல்ல அடி வாங்குறது அந்த ஏரியாதான். பொதுவா 3000-லேர்ந்து 6000 ஹெர்ட்ஸ் வரைக்கும். 'ஸ', 'ஷ', 'ஃப' மாதிரி சவுண்ட்ஸுக்கு ஹை ஃப்ரீக்வென்ஸி ரொம்ப முக்கியம். வவல்ஸ் கேட்கும், கான்சொனன்ட்ஸ் கரையும். அதனால ஹியரிங் லாஸ் சைலன்ஸா ஸ்டார்ட் ஆகாது. "கேட்குது, ஆனா புரியல"ன்னுதான் ஸ்டார்ட் ஆகும்.

கட். அக்கா சோபாவில், ஆதி தரையில். ஃபில்டர் இல்லாத குரல்.

ஆதி: அக்கா, வலியே இல்லையே. டேமேஜ் ஆனா வலிக்கணும்ல?

யாழினி: அதுதான்டா பிரச்சினை. நாம பாட்டு கேட்கிற லெவல்ல காது வலிக்கவே வலிக்காது. உள்காதுல காக்லியான்னு ஒரு சுருள் இருக்கு. ஒவ்வொரு பக்கமும் அதுக்குள்ள சுமார் 15,000 ஹேர் செல்ஸ். சவுண்டை நரம்பு சிக்னலா மாத்துற வேலையில எல்லாமே அதுங்கதான். மனுஷங்களுக்கு அது செத்தா திரும்ப முளைக்காது. தோல் மாதிரி, முடி மாதிரி நினைச்சுக்காத.

ஸ்க்ரீன் டெக்ஸ்ட்: ஹேர் செல்ஸ் = ஒன் டைம் ஸ்டாக்

ஆதி: ஆனா கான்சர்ட் போயிட்டு வந்தா காது அடைச்ச மாதிரி இருக்கும், அடுத்த நாளே சரியாயிடுமே?

யாழினி: டெஸ்ட்ல நார்மல்னு வரும். ஆனா 2009-ல எலிகளை வச்சு ஒரு ஸ்டடி வந்துச்சு. ஹியரிங் டெஸ்ட் பழைய லெவலுக்கு வந்தபிறகும், ஹேர் செல்லுக்கும் நரம்புக்கும் நடுவுல இருக்கிற கனெக்‌ஷன்ஸ் நிறைய போயிருந்துச்சு. மனுஷங்கள்ல இது எவ்வளவு தூரம்னு இன்னும் ரிசர்ச் நடக்குது. ஆனா "சரியாயிடுச்சு"ன்னு நாம நினைக்கிறது முழு கதை இல்லை. அது மட்டும் தெளிவு.

(இந்த இடத்தில் கட் வேண்டாம். அக்கா முகத்தில் இரண்டு நொடி நிற்கட்டும்.)

ஆதி: ஓகே. அப்ப இயர்பட்ஸையே தூக்கிப் போடணுமா?

யாழினி: யாரு சொன்னா? பாட்டு கேளு. கணக்கு தெரிஞ்சு கேளு.

கட். ஆதி ஒயிட்போர்டு முன்னால், மார்க்கரோடு.

ஆதி: கவனிங்க ஃப்ரெண்ட்ஸ், இதுதான் மேட்டரே. வால்யூமை மட்டும் பார்த்தா பத்தாது, டைமையும் சேர்த்துப் பார்க்கணும். காதுக்கு வாரத்துக்கு ஒரு டேட்டா பேக் இருக்குன்னு வச்சுக்கோங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்றபடி, பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். சின்னப் பசங்களுக்கு லிமிட் 75 டெசிபல்தான். இப்ப ட்விஸ்ட்: 3 டெசிபல் ஏத்தினா சவுண்ட் எனர்ஜி டபுள் ஆகும். பேக் பாதி டைம்லயே காலி.

(போர்டில் எழுதிக்கொண்டே)

80 டெசிபல்: 40 மணி நேரம்
83 டெசிபல்: 20 மணி நேரம்
86 டெசிபல்: 10 மணி நேரம்
90 டெசிபல்: 4 மணி நேரம்
100 டெசிபல்: சுமார் 20 நிமிஷம்

ஆதி: கடைசி லைனைத் திரும்பப் பாருங்க. நாளைக்கு 20 நிமிஷம் இல்லை. மொத்த வாரத்துக்கே 20 நிமிஷம்! சில போன்கள்ல ஃபுல் வால்யூம் வச்சா 100-ஐத் தொட்டுடும். அஞ்சாறு பாட்டு, பேக் ஓவர்.

யாழினி: (ஃப்ரேமுக்குள் எட்டிப் பார்த்து) பஸ் மேட்டரைச் சொல்லு.

ஆதி: ஆமா, அது முக்கியம். வீட்ல பாதி வால்யூம் போதும். பஸ்ல ஏறினதும் இன்ஜின் சத்தத்தை ஜெயிக்கணும்னு கை தானா ப்ளஸ் பட்டனுக்குப் போகும். பாட்டு பிடிச்சதால ஏத்தல, பஸ் சத்தத்தால ஏத்துறோம். அங்கதான் நாய்ஸ் கேன்சலிங் ஹெல்ப் பண்ணும். வெளிச் சத்தம் குறைஞ்சா வால்யூமைக் குறைச்சாலும் எல்லாம் கேட்கும். அது இல்லைன்னா, காதுக்குள்ள நல்லா ஃபிட் ஆகிற ரப்பர் டிப்ஸே பாதி வேலையைச் செய்யும். ரோட்ல நடக்கும்போது மட்டும் ப்ளீஸ், நாய்ஸ் கேன்சலிங் ஆஃப். ஹாரன் கேட்கணும்.

ஷாட்: ஸ்க்ரீன் ரெக்கார்டிங். கை எங்கே தட்டுகிறது என்று தெளிவாகத் தெரியட்டும்.

ஆதி: இப்பவே போனை எடுங்க. ஐபோன்னா Settings, அப்புறம் Sounds & Haptics, உள்ள Headphone Safety. அங்க லிமிட் செட் பண்ணிக்கலாம். இந்த வாரம் எவ்வளவு சத்தமா கேட்டீங்கன்னு Health ஆப்ல, Hearing-க்குள்ள பார்க்கலாம். சில ஆண்ட்ராய்ட் போன்கள்ல Media volume limit-னு ஒரு ஆப்ஷன் இருக்கும். செட்டிங்ஸ்ல "volume"னு சர்ச் பண்ணுங்க. எதுவுமே இல்லையா? 60 பர்சென்ட்டைத் தாண்டாதீங்க, ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவை காதுக்கு பிரேக் குடுங்க. மீட்டர் வச்ச மாதிரி கரெக்டா இருக்காது, ஆனா ஃபுல் வால்யூமை விட ஆயிரம் மடங்கு பெட்டர்.

கட். அக்கா நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். பின்னணி மியூசிக் முழுக்க ஆஃப்.

யாழினி: கடைசியா நான் ஒண்ணு சொல்லணும். காதுல "ஙொய்"னு ஒரு சத்தம் ரெண்டு நாளாகியும் போகலைன்னா, ஃப்ரெண்ட்ஸ் பேசுறது கூட்டத்துல மட்டும் புரியலைன்னா, ஒரு ஹியரிங் டெஸ்ட் எடுத்துடுங்க. அரை மணி நேர வேலை, ஊசி கிடையாது. ஆனா திடீர்னு, தூங்கி எழுந்ததும், ஒரு காது மட்டும் கேட்கலைன்னா வெயிட் பண்ணாதீங்க. அடைப்புதான்னு எண்ணெய் ஊத்தாதீங்க. அது எமர்ஜென்ஸி. அன்னைக்கே ஈஎன்டி டாக்டர்கிட்ட போங்க. மருந்து எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவுக்கு ஹியரிங் திரும்ப வர சான்ஸ் இருக்கு.

ஸ்க்ரீன் டெக்ஸ்ட்: திடீர்னு ஒரு காது கேட்கலையா? அன்னைக்கே ஈஎன்டி.

(டெக்ஸ்ட் நான்கு நொடி ஸ்க்ரீனில் இருக்கட்டும். எண்ட் கார்டு, லைக் பட்டன் அனிமேஷன் எதுவும் இதன் மேலே வரக் கூடாது.)

கேப்ஷன்: உங்க போன்ல இந்த வார ஹெட்போன் லெவல் என்ன காட்டுது? ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, எப்பவும் ஃபுல் வால்யூம்லயே இருக்கிற அந்த ஃப்ரெண்டுக்கு இந்த ரீலோட சேர்த்து அனுப்புங்க. டெசிபல் டேபிள் முதல் கமென்ட்ல பின் பண்ணியிருக்கோம். #காது #ஹெட்போன் #வால்யூம்செக்