தந்தையை இழந்த மாணவியின் கல்விக் கட்டணச் சலுகை விண்ணப்பம்

மார்த்தாண்டம்,
24.11.2025

அனுப்புநர்:
த. அபிஷா,
இரண்டாம் ஆண்டு பி.காம். (சுயநிதிப் பிரிவு),
குலசேகரம் அருகே, திருவட்டாறு வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
கலை அறிவியல் கல்லூரி,
மார்த்தாண்டம்.

வழி: வகுப்பு ஆசிரியர், வணிகவியல் துறைத் தலைவர்

பொருள்: தந்தை இறந்ததால் நான்காம் பருவம் முதல் கல்விக் கட்டணத்தில் சலுகையும், மீதியைத் தவணையாகக் கட்ட அனுமதியும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் அப்பா தங்கராஜ் கடந்த ஆகஸ்ட் 19 அன்று ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலமானார். அவருக்கு வயது 47. ரப்பர் பால்வெட்டுதான் அவர் தொழில். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு விழுந்த அன்று, விடியுமுன் நெற்றி விளக்கோடு தோட்டத்துக்குப் போயிருந்தார். முதல் மூன்று பருவங்களுக்கும் கட்டணத்தைக் குறித்த தேதிக்குள் அவரே கட்டினார். இப்போது டிசம்பர் 12-க்குள் கட்ட வேண்டிய நான்காம் பருவக் கட்டணம் ரூ.14,200-ஐ எங்களால் முழுதாகக் கட்ட முடியாத நிலை. அதனால்தான் இந்த விண்ணப்பம்.

எங்கள் வீட்டு வரவை அப்படியே சொல்கிறேன். அப்பாவுக்குச் சொந்தமாக ரப்பர் மரம் கிடையாது. பிறர் தோட்டத்தில் மரத்துக்கு இவ்வளவு என்று கூலிக்கு வெட்டினார். மழை பெய்தால் வெட்டு கிடையாது, இலையுதிர்வுக் காலத்திலும் கிடையாது. வெட்டிய நாட்களை அவர் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைப்பார். அதன் கடைசிப் பக்கங்களின் நகலை இணைத்திருக்கிறேன். ஜூன், ஜூலை மாதங்களில் பாதிக்கு மேல் "மழை" என்றுதான் எழுதியிருக்கிறது. மூன்றாம் பருவக் கட்டணத்தை அந்த ஜூன் மாதத்தில்தான் தோட்டக்காரரிடம் முன்பணம் வாங்கிக் கட்டினார். அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்று தோட்டக்காரர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அவர் எழுதித் தந்த கடிதமும் இத்துடன் இருக்கிறது.

அம்மா முந்திரி ஆலையில், எங்கள் ஊரில் அண்டி ஆபீஸ் என்று சொல்வோம், தோல் உரிக்கும் வேலை பார்க்கிறார். கிலோ கணக்கில் கூலி. கொட்டை வராத வாரங்களில் ஆலை திறப்பதில்லை. எல்லா மாதமும் சேர்த்துப் பார்த்தால் மாதத்துக்கு ரூ.6,000 வருகிறது. எங்களோடு இருக்கும் அப்பாவின் அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை ரூ.1,200 கிடைக்கிறது. தம்பி அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். நான்கு சென்ட் நிலமும் அதில் ஓட்டு வீடும் உண்டு. வேறு சொத்து இல்லை.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். சேர்க்கையின்போது நான் கொடுத்த வருமானச் சான்றிதழில் ஆண்டு வருமானம் ரூ.1,20,000 என்று இருக்கும். அது அப்பா, அம்மா இருவர் சம்பாத்தியமும் சேர்ந்தது. அப்பா இறந்த பிறகு திருவட்டாறு வட்டாட்சியர் அலுவலகத்தில் புதிதாக வாங்கிய சான்றிதழில் ரூ.72,000 என்று இருக்கிறது. இரண்டும் வேறுபடுவதற்கு இதுதான் காரணம். பழையதன் நகலையும் சேர்த்தே தருகிறேன்.

கடனும் இருக்கிறது. அப்பா விழுந்தவுடன் அருகில் இருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இல்லாத மருத்துவமனை. ஆனால் ஆசாரிப்பள்ளம் வரை கொண்டுபோகும் நிலையில் அப்போது அப்பா இல்லை. அங்கே ரூ.78,500 ஆனது. அம்மாவின் சங்கிலி கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுவில் எடுத்த ரூ.40,000-க்கு மாதம் ரூ.2,300 கட்டி வருகிறோம். மருத்துவமனை ரசீது, நகை அடகுச் சீட்டு, குழுவின் கடன் அட்டை மூன்றின் நகலையும் பார்க்கலாம். அம்மா விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறார். கிராம நிர்வாக அலுவலர் விசாரணை முடிந்துவிட்டது, ஆணை இன்னும் வரவில்லை. வந்தால் உடனே அலுவலகத்தில் தெரிவிப்பேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் ரூ.1,000 வருகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் கல்லூரிக்கு வந்துபோகச் செலவு இல்லை. எனவே அந்த ஆயிரம் ரூபாயை அப்படியே கல்லூரிக்குக் கட்ட முடியும். ஒரு பருவத்துக்கு ரூ.6,000. இதை வீட்டுச் செலவுக்கு எடுக்க மாட்டேன் என்று அம்மாவும் ஒப்புக்கொண்டு கீழே கையொப்பமிட்டிருக்கிறார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். பருவக் கட்டணம் ரூ.14,200-இல் கற்பிப்புக் கட்டணம் ரூ.11,000. அதிலிருந்து ரூ.8,200-ஐத் தள்ளுபடி செய்து, மொத்தப் பருவக் கட்டணத்தில் மீதி ரூ.6,000-ஐ மாதம் ஆயிரமாக ஆறு தவணையில் கட்ட அனுமதிக்க வேண்டுகிறேன். நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று பருவங்களுக்கும் இந்தச் சலுகை தேவைப்படுகிறது. மொத்தம் ரூ.24,600. பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணத்தில் நான் சலுகை கேட்கவில்லை. அதற்கு மாமா, அம்மாவின் தம்பி, பொறுப்பேற்றிருக்கிறார்.

மூன்று பருவத்துக்கும் இப்போதே முடிவெடுப்பது கடினம் என்றால், நான்காம் பருவத்துக்கு மட்டுமாவது இந்தச் சலுகையைத் தாருங்கள். அடுத்த ஆண்டு என் மதிப்பெண்ணையும் வீட்டு வருமானத்தையும் மறுபடி பார்த்து முடிவு செய்யலாம். பெற்றோர் ஆசிரியர் கழகம் அல்லது பழைய மாணவர் நிதி வழியாக உதவ வாய்ப்பு இருந்தால், அதற்கான படிவத்தையும் நிரப்பித் தருகிறேன். எப்படியானாலும், முடிவு தெரியும் வரை தாமதக் கட்டணம் போடாமலும், உள்மதிப்பீட்டுத் தேர்வு எழுதத் தடை இல்லாமலும் பார்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் இரண்டு பருவங்களிலும் சேர்த்து 81 சதவீத மதிப்பெண் பெற்றிருக்கிறேன். ஆகஸ்ட், செப்டம்பரில் என் வருகை குறைந்தது அப்பாவின் சிகிச்சையாலும் இறப்பாலும்தான். அக்டோபர் முதல் ஒரு வகுப்பையும் விடவில்லை. என் வகுப்பு ஆசிரியரிடம் இதைக் கேட்டு அறியலாம். படிப்பை நிறுத்திவிட்டு ஆலைக்கு வா என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் ஒருமுறை சொன்னேன். அதற்கு அம்மா தன் விரல்களை விரித்துக் காட்டினார், முந்திரித் தோல் உரித்து உரித்து நுனியெல்லாம் வெடித்திருந்தது. டிகிரி முடித்துக் கணக்கர் வேலைக்குப் போக வேண்டும் என்பதே எங்கள் இருவர் விருப்பமும்.

அசல் ஆவணங்கள் அனைத்தும் கைவசம் உள்ளன. அம்மாவோடு எந்த நாளில் வரச் சொன்னாலும் வருகிறோம். ஆலை விடுமுறையான ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அம்மா வந்தால் அன்றைய கூலி போகும், ஆனாலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
த. அபிஷா

மேலே எழுதியவை உண்மை. புதுமைப் பெண் தொகையை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கே கொடுப்போம்.
த. லதா (தாயார்)

இணைப்புகள் (நகல்கள்): அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பழையதும் புதியதும், முன்னுரிமை குடும்ப அட்டை, அம்மாவின் ஆலைக் கூலிச் சீட்டுகள், விதவை உதவித்தொகை விண்ணப்ப ஒப்புகை, மருத்துவமனை ரசீது, நகை அடகுச் சீட்டு, சுயஉதவிக் குழு கடன் அட்டை, பால்வெட்டு நோட்டின் பக்கங்கள், தோட்டக்காரர் கடிதம், புதுமைப் பெண் தொகை வரவான வங்கிக் கணக்குப் புத்தகம், முதல் இரு பருவ மதிப்பெண் பட்டியல், மூன்று பருவக் கட்டண ரசீதுகள்.