திருவாரூர் மாவட்ட சம்பா விவசாயிகளுக்கு: நவம்பர் 18 முதல் 22 வரை மழை, உரம், பூச்சி

செவ்வாய்க்கிழமை வந்த ஆங்கில வேளாண் வானிலை அறிக்கையின் தமிழ் வடிவம் இது. அதில் எக்டர் கணக்கில் இருந்த அளவுகளை ஏக்கருக்கு மாற்றியிருக்கிறோம். மா கணக்கில் பார்க்கிறவர்கள் ஏக்கர் அளவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் முதலில் தெரிய வேண்டியது

புதன், வியாழன் இரண்டு நாளும் கனமழை இருக்கிறது. கையில் யூரியா மூட்டை இருந்தாலும் வெள்ளிக்கிழமை வரை பிரிக்க வேண்டாம். மருந்தும் அடிக்க வேண்டாம். இரண்டு நாள் வேலை வடிகாலில்தான்.

மழை

தென்மேற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறது. செவ்வாய் லேசான மழை. 19, 20 தேதிகளில் மாவட்டத்தில் பரவலாக மழை, ஓரிரு இடங்களில் கனமழை. 21 அன்று விட்டுவிட்டுப் பெய்யும். 22 சனிக்கிழமை வெயில் தலைகாட்டும். காற்று மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். பகல் வெப்பம் 28 டிகிரி, இரவு 23. காற்றில் ஈரம் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும். நோய் பரவ இதைவிடத் தோதான நாட்கள் இல்லை.

கனமழை என்றால் ஒரே நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்யும் மழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. 'ஓரிரு இடங்களில்' என்றால் மாவட்டத்தில் கால் பங்குக்கு மேற்படாத இடங்களில் என்று கணக்கு. அதனால் உங்கள் ஊரில் தூறலோடு போய்விடலாம், பக்கத்து ஊரில் வரப்பு உடையலாம். 'நமக்குச் சொன்ன மழை வரவில்லை' என்று அடுத்த எச்சரிக்கையைத் தள்ளிவிடாதீர்கள். இரண்டு நாளுக்கும் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். தயாராக இருங்கள் என்பதுதான் அதற்குப் பொருள்.

வடிகால்

இன்றே ஒரு சுற்று வயலைச் சுற்றி வாருங்கள். வாமடையில் அடைத்திருக்கும் வைக்கோல், குப்பையை எடுத்துவிடுங்கள். வடிவாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டியிருந்தால் ஒருவர் தனியாக இழுத்து ஆகாது. கீழ்மடைக்காரரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், அவர் பக்கம் அடைத்திருந்தால் உங்கள் தண்ணீர் எங்கே போகும்?

சி.ஆர். 1009 சப் 1 நட்டவர்கள் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீண்டு வரக்கூடிய ரகம் அது. அக்டோபர் கடைசியில் நட்ட மற்ற ரகங்களுக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. பயிர் நுனி மறையும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் முதலில் அந்த வயலை வடியுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் மடை திறக்க மண்வெட்டியோடு போக வேண்டாம். மாட்டையும் மரத்தடியில் கட்ட வேண்டாம்.

உரம்

மழைக்கு முன்னால் போட்ட யூரியா தண்ணீரோடு போய்விடும். கொஞ்சம் நின்றாலும், பயிர் திடீரென்று கரும்பச்சை கட்டி இலைச்சுருட்டுப்புழுவைக் கூப்பிடும். அதனால் மேலுரம் 22ஆம் தேதிக்கு மேல்தான்.

தண்ணீர் வடிந்து புதுக் குருத்து தெரிந்த பிறகு, ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு 4 கிலோ மூன்றையும் கலந்து ஒரு இரவு மூடி வையுங்கள். காலையில் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்து இடுங்கள். வேப்பம்பிண்ணாக்கு கலந்தால் தழைச்சத்து மெதுவாகக் கரையும், வீணாவது குறையும். பொட்டாஷை விட்டுவிட்டு யூரியாவை மட்டும் கூட்டிப் போடும் வழக்கம் நம் பக்கம் அதிகம். நோய் வரும் வாரத்தில் அது இரட்டை நஷ்டம்.

மூழ்கி எழுந்த பயிர் வெளுத்து, வேர் இன்னும் உரம் எடுக்காத நிலையில் இருந்தால் இலை வழியாகக் கொடுக்கலாம்: 200 லிட்டர் தண்ணீருக்கு யூரியா 2 கிலோ, துத்தநாக சல்பேட் 1 கிலோ. இதோடு டி.ஏ.பி. கரைசலைச் சேர்த்துவிடாதீர்கள், கலவை திரிந்துவிடும்.

வயல் நன்றாக இருப்பவர்கள் இலை வண்ண அட்டையைப் பார்த்தே யூரியா போடலாம். காலை 8 முதல் 10 மணிக்குள், வெயிலை உங்கள் உடம்பால் மறைத்துக்கொண்டு, முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையில் வைத்துப் பாருங்கள். பத்து இலையில் ஆறு இலை 4ஆம் நிறத்துக்குக் கீழே இருந்தால் ஏக்கருக்கு 30 கிலோ யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் நிறம்தான் எல்லை.

பூச்சி, நோய்

*இலைச்சுருட்டுப்புழு.* நேரடி விதைப்பில் 60, 65 நாள் பயிரில், குறிப்பாக மர நிழல் விழும் ஓரங்களில் தெரிகிறது. இலை நீளவாக்கில் மடங்கி, உள்பக்கம் பச்சையம் சுரண்டி வெள்ளைக் கோடாக இருக்கும். மடிந்த இலையை விரலால் பிரித்துப் பாருங்கள். பச்சை மஞ்சள் புழு, தொட்டதும் வெடுக்கென்று துள்ளி விழும். பல மடிப்புகள் வெறும் கூடாகத்தான் இருக்கும், புழு போயிருக்கும். காலி மடிப்பைப் பார்த்துப் பயந்து மருந்துக்கடைக்கு ஓடினால் காசுதான் வீண்.

வயலில் குறுக்காக நடந்து இருபது குத்து பாருங்கள். நூறு இலையில் பத்தில் சேதம் இருந்தால்தான் மருந்து. பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் ஐந்து சதவீதம் போதும். ஏக்கருக்கு குளோரான்ட்ரனிலிபுரோல் 18.5 எஸ்.சி. 60 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில். அதாவது பத்து லிட்டர் டேங்குக்கு 3 மில்லி. மூடியால் அளக்காதீர்கள், அளவுக் குப்பி வாங்கிக்கொள்ளுங்கள். சேதம் குறைவாக இருந்தால் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலே போதும்.

*புகையான்.* அடர்த்தியாக நட்டு, தண்ணீர் தேங்கிய வயலில் வரும். இலையில் தேடினால் கிடைக்காது; தூரை விரித்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். தூருக்கு ஒன்று இருந்தால் நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். முதலில் தண்ணீரை வடித்து, பயிரை எட்டு அடிக்கு ஒரு இடமாக விலக்கிவிடுங்கள். அப்புறமும் ஏறினால் பைமெட்ரோசின் 50 டபிள்யூ.ஜி. ஏக்கருக்கு 120 கிராம், அடித்தூர் நனையும்படி. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளை இதற்கு அடிக்கவே கூடாது. சிலந்தி செத்துப் புகையான் இன்னும் பெருகும்.

*பாக்டீரியா இலைக்கருகல்.* காற்றோடு மழை பெய்தால் அடுத்த வாரமே வரும். இலை நுனியிலிருந்து ஓரமாக, வளைந்து வளைந்து மஞ்சளாகி வைக்கோல் நிறத்தில் காயும். சந்தேகம் இருந்தால் இலையை வெட்டி, வெட்டிய பக்கம் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் படும்படி வையுங்கள். வெட்டிலிருந்து பால் போலக் கசிந்தால் அதுதான். யூரியாவை நிறுத்துங்கள். அந்த வயல் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள். ஆரம்பத்திலேயே 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலை, நன்றாக வடிகட்டி இரண்டு முறை தெளிக்கலாம்.

*குலைநோய்.* பி.பி.டி. 5204 நட்டவர்கள் கவனம். கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம் தெரிந்தால் அசாக்சிஸ்ட்ரோபின் 25 எஸ்.சி. ஏக்கருக்கு 200 மில்லி.

எந்த மருந்தும் 22ஆம் தேதி பனி காய்ந்த பிறகு, காற்று குறைந்த நேரத்தில். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மருந்தை ஒரே டேங்கில் கலக்கச் சொல்லும் கடைக்காரரிடம் பில் கேளுங்கள், பெரும்பாலும் ஒன்று குறைந்துவிடும்.

மற்றவை

குலை தள்ளிய வாழைக்குப் புதன் காலைக்குள் முட்டுக் கொடுத்துவிடுங்கள். வைக்கோல் போரைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பயிர் மூழ்கினால் தண்ணீர் வடிவதற்கு முன்பே படம் எடுத்து வைத்து, காப்பீடு செய்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் கிசான் அழைப்பு மையம்: 1800-180-1551, கட்டணம் இல்லை. அடுத்த அறிக்கை வெள்ளிக்கிழமை, நவம்பர் 21.