கேஜ்

மில் பூட்டி நாலு மாசம். கிராஜுவிட்டிக் கணக்கைப் பழனிச்சாமி காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டு வைத்திருந்தார். கடைசிச் சம்பளம் பஞ்சப்படியோடு 14,300. அதை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, 27 வருசத்தால் பெருக்கினால் 2,22,750. தாளில் இருந்தது, கைக்கு வரவில்லை.

முதல் இன்டர்வியூ வாளையாறுக்கு இந்தப் பக்கம், மதுக்கரையில். ஏசி அறை. மகள் வயசுப் பெண் கேட்டாள், "அஞ்சு வருஷத்துல உங்கள எங்க பாக்கறீங்க?"

அவருக்கு 53. "வீட்லதானுங்க. 58ல ரிட்டயர்டு."

அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். ஃபோன் வரவில்லை.

கஞ்சிக்கோட்டு மில்லுக்குக் கிளம்பும்போது, "டை அடிச்சுட்டுப் போங்க" என்றாள் சரசு. அடித்தார். ரிங் ஃபிரேம் டிபார்ட்மென்டின் புழுக்கத்தில் அரைமணி நின்றதும் காதோரம் கறுப்பாக இறங்கிச் சட்டைக் காலரைப் பிடித்தது.

மெயின்டனன்ஸ் மேனேஜர் மலையாளி, முப்பத்தஞ்சு இருக்கும். பயோடேட்டாவைப் புரட்டவே இல்லை. "சேட்டா, இந்த ஸ்பின்டில் பாருங்க. நாற்பதாம் நம்பர் நூல் ஓடுது. டிராவலர் மாத்தியாச்சு, ரிங்கும் மாத்தியாச்சு. அறுந்த நூல பீஸ் போட்டா பத்து நிமிஷம் நிக்கல."

ஓடும்போதே, நூல் சுழன்று உப்பும் பலூனைப் பார்த்தார் பழனிச்சாமி. ஒருபக்கம் அடித்துக்கொண்டு நடுங்கியது. மேலே நூல் நுழைந்து இறங்கும் லேப்பெட் கண் ஸ்பின்டில் நுனிக்கு நேராகத்தான் இருந்தது. ஃபிரேமை நிறுத்தச் சொல்லி, பாபினைக் கழற்றி, ஸ்பின்டில் ரிங்கின் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கும் கேஜ் கேட்டார். ஹெல்பர் கொடுத்தான். ஸ்பின்டிலில் மாட்டி இறக்கினால் எங்கும் உரசாமல் ரிங்குக்குள் போயிற்று. சரியாக இருப்பதாகத் தோன்றும். டார்ச் அடித்துக் குனிந்தார். சுற்றிலும் தெரிந்த வெளிச்சக் கீற்று ஒருபக்கம் நூல்கனம், எதிர்ப்பக்கம் அதைப்போல் இரண்டு மடங்கு. ஸ்பின்டில் ரிங்கின் நடுவில் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் நூல் ஒருமுறை விறைத்து ஒருமுறை தளர்ந்தால் எந்த டிராவலர் போட்டும் அறும்.

ஸ்பின்டில் ரெயிலுக்கு அடியில் நட்டை அரைச்சுற்று தளர்த்தி, மரச்சுத்தியால் இரண்டு தட்டு. கீற்று சமமானதும் முடுக்கினார். முடுக்கும்போது மறுபடி நகர்ந்தது. அது நகரத்தான் செய்யும். நகரும் அளவை முன்கூட்டியே விட்டு வைத்து முடுக்குவதுதான் ஃபிட்டர் வேலை. மூன்றாம் தடவை நின்றது. ரிங் ரெயிலைக் கீழே, நடுவில், மேலே வைத்துப் பார்த்துவிட்டு ஓட்டச் சொன்னார். பத்து நிமிஷம் போய், கால்மணியும் ஆயிற்று. நூல் அறவில்லை.

மேனேஜர் அவர் காலரையே பார்த்துக்கொண்டிருந்தார். "18,000. ஆறு மாசம் காண்ட்ராக்ட். நைட் ஷிஃப்டும் வரும்."

"சரிங்க." கர்சீப்பால் காதைத் துடைத்தார். "கேஜ் மட்டும் என்னோடதக் கொண்டாறனுங்க. உங்களுது விளிம்பு தேஞ்சிருக்குது. அத வெச்சுப் பாத்த 1,008 ஸ்பின்டிலையும் மறுபடி பாக்கோணும்."

மேனேஜர் கேஜை வாங்கி விளிம்பை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"திங்கக்கிழமை வரட்டுங்களா?"

"நாளைக்கே வா சேட்டா."